இருமலை எடுத்தேன், ‘டிக்’ வந்தது

நவராத்திரி நாளில் திருவனந்தபுரம் கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்த கச்சேரியை இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தேன். கோட்டைக்ககத்து நவராத்திரி மண்டபத்தில் கச்சேரிக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை. அந்த வீட்டிலும் அப்படியே. கேட்பதற்கு அது பெரும் சுகம். ஆனால் பதிவைத் திருத்த உட்காருபவருக்குக் கைதட்டல் ஒரு திரை. அதன் அடியில் எந்த வெட்டையும் மறைத்துவிடலாம். இங்கே அந்தத் திரை கிடையாது.

ஆலாபனையின் நடுவே பாடகர் இரண்டு விநாடி நிறுத்துகிறார். தம்புரா மட்டும் ஒலிக்கிறது. சரியாக அங்கே ஓர் இருமல், முக்கால் விநாடி. அதை வெட்டி எறிந்து இரு முனைகளையும் ஒட்டினேன். இருமல் போயிற்று. அந்த இடத்தில் நகத்தால் மேசையைச் சுண்டியதுபோல ஒரு ‘டிக்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

காரணம் அலையின் வடிவத்தில் இருக்கிறது. ஒலி என்பது காற்றழுத்தம் நடுநிலைக்கு மேலும் கீழும் ஊசலாடுவது. கணினி அதை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக வைத்திருக்கிறது. என் வெட்டுக்கு முன் இருந்த கடைசி எண் 0.31, வெட்டுக்குப் பின் வந்த முதல் எண் கழித்தல் 0.22. தம்புராவின் தாழ்ந்த நாதம் படிப்படியாக இறங்கவேண்டிய தூரத்தை ஒலிபெருக்கி ஒரே தாவலில் கடக்கிறது. இப்படிப்பட்ட திடீர்த் தாவலுக்குள் தாழ்ந்ததிலிருந்து கீச்சொலிவரை எல்லா அதிர்வெண்களும் சிதறிக் கிடக்கும். காது அதைத்தான் ‘டிக்’ என்று கேட்கிறது.

ஆகவே அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில், அதாவது எண் பூஜ்யமாகும் இடத்தில், வெட்ட வேண்டும். ஒலிப்பதிவாளர்கள் இதை ஜீரோ கிராசிங் என்பார்கள். Audacity மென்பொருளில் பகுதியைத் தேர்ந்தெடுத்து `Z` விசையைத் தட்டினால் தேர்வின் இரு ஓரங்களும் அருகிலுள்ள அத்தகைய இடத்துக்கு நகரும். ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்: இடப்பக்கத் துண்டு கோட்டைக் கடந்து மேலே ஏறும்போது முடிந்தால், வலப்பக்கத் துண்டும் ஏறுமுகமாகவே தொடங்க வேண்டும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் பூஜ்யத்தில் சந்தித்தாலும் அங்கே ஒரு முறிவு விழும். மெல்லிய ‘டிக்’ மிஞ்சும்.

எனக்கு அதுவும் போதவில்லை. இரண்டு மைக் என்பதால் இரண்டு அலைகள். இடது அலை கோட்டைக் கடக்கும் கணத்தில் வலது அலை உச்சியில் நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே இடத்தில் பூஜ்யம் வாய்ப்பது அரிது. இதற்குத்தான் மிகச் சிறு ஃபேட்: முதல் துண்டின் கடைசி சில மில்லிவிநாடிகளில் ஒலியைத் தணித்து, அடுத்த துண்டின் தொடக்கத்தில் அதேபோல் எழுப்புவது. பேச்சில், சொற்களுக்கு இடையே, 5 மில்லிவிநாடி தாராளம்.

தம்புரா அப்படி விடவில்லை. பாடகருக்கு ஒரு கட்டை சுருதி. தம்புராவின் மந்தர ஸட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அதன் ஓர் அலை முடியவே 15 மில்லிவிநாடி ஆகும். இடைவிடாத அந்த ரீங்காரத்தில் தணித்து எழுப்பினால், டிக் மறைந்து ஒரு சிறு பள்ளம் கேட்கும். அதனால் இரு துண்டுகளையும் சற்றே ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஒன்று தணியத் தணிய மற்றது எழும்படி செய்தேன். இது கிராஸ்ஃபேட். 30 மில்லிவிநாடி, அதாவது மந்தர அலை இரண்டு அளவு, வைத்தபோது ஒட்டு மறைந்தது. ஏறுமுகத்துக்கு ஏறுமுகம் பொருத்தியது இங்கேயும் உதவிற்று. எதிரெதிர் முகமாக ஏற்றியிருந்தால் இரு அலைகளும் ஒன்றையொன்று அழித்து நடுவில் ஒலி மெலிந்திருக்கும்.

நாடா காலத்து எடிட்டர்கள் இதைப் பிளேடால் செய்தார்கள். கால் அங்குல நாடாவைச் சாய்வாக, 45 பாகையில் வெட்டி ஒட்டுவார்கள். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அந்தச் சாய்வெட்டு கடந்து போக சுமார் 17 மில்லிவிநாடி. அந்த நேரத்துக்குள் பழைய ஒலி குறைந்து புதியது கூடும். எந்தக் கணக்கும் போடாமலே அவர்கள் கைக்குக் கிடைத்த கிராஸ்ஃபேட் அது.

டிக் போன பிறகும் எனக்கு ஏதோ உறுத்தியது. பலமுறை கேட்ட பின்புதான் புரிந்தது: முக்கால் விநாடியை எடுத்ததால் தம்புராவின் அடுத்த தந்தி முன்கூட்டியே விழுந்தது. பஞ்சமம், ஸட்ஜம், ஸட்ஜம், மந்தரம் என்ற சுற்று இடறியது. எந்த ஃபேடும் இதைச் சரிசெய்யாது. வெட்டியதைத் திரும்ப வைத்தேன். முந்தைய இடைவெளி ஒன்றில் அதே தந்தி ஒலிக்கும் முக்கால் விநாடியை நகலெடுத்து, இருமல் இருந்த இடத்தில் பொருத்தி, இரு முனையிலும் கிராஸ்ஃபேட் வைத்தேன். இப்போது சுற்று குலையவில்லை.

பிறகு ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைத் திறந்து பார்த்தேன். டிக் மிஞ்சியிருந்தால் அடியிலிருந்து உச்சிவரை ஊசிபோல் ஒரு செங்குத்துக் கோடு தெரியும். அது இல்லை. ஆனால் தனி ஆவர்த்தனத்தில் இன்னொரு வெட்டில் இதே 30 மில்லிவிநாடியை வைத்தபோது மிருதங்கத்தின் ‘தீம்’ முனை மழுங்கிப்போயிற்று. அங்கே வெட்டை அடி விழுவதற்குச் சற்று முன்னால் நகர்த்தி, ஃபேடை 2 மில்லிவிநாடியாகக் குறைக்க வேண்டியிருந்தது.