கேஸா, ஹார்ட்டா? ஆஸ்பத்திரிக்கு முன் அரை மணி நேரம்

வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், வம்பாகீரப்பாளையம் என்று புதுச்சேரியின் கடற்கரைக் குப்பங்களில் மாரடைப்பைப் பற்றிப் பேசப் போனால், பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது கேஸா, ஹார்ட்டான்னு வீட்லயே எப்படிங்க டாக்டர் தெரிஞ்சுக்கறது?"

என் பதில் அவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். வீட்டில் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்னாலும் முடியாது. ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் சில சமயம் முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்க்க வேண்டும். அந்த ட்ரோபோனினும் வலி வந்த உடனே ஏறாது, சில மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியே இப்படித் தடவித் தடவிக் கண்டுபிடிப்பதை, ஓமத்திரவம் கொடுத்து ஏப்பம் வருகிறதா என்று பார்த்து முடிவு செய்ய முடியுமா?

குழப்பத்துக்குக் காரணம் நம் உடம்பின் அமைப்பு. இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. அடிச்சுவருக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் மேல்வயிறு எரிகிறது, குமட்டுகிறது, வாந்தி வருகிறது. பார்ப்பவர்களுக்கு அது அச்சு அசல் அஜீரணம். இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் இடத்திலேயே கையின் உட்பக்கத்திலிருந்து வரும் நரம்புகளும் நுழைகின்றன. மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. அதனால் இடது கை வலிக்கிறது, சில பேருக்கு இரண்டு கையும், தாடையும், முதுகும்.

ஆகவே குடும்பம் கேட்க வேண்டியது "இது என்ன?" என்பதல்ல, "இது சந்தேகப்பட வேண்டியதா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லப் படிப்பு வேண்டாம். நடு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தம். விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடியாமல் முஷ்டியையோ உள்ளங்கையையோ நெஞ்சின் மேல் வைத்துக் காட்டுகிறார். காரணமில்லாமல் சட்டை நனையும்படி குளிர்ந்த வேர்வை. முகம் வெளுத்துப் போகிறது, மூச்சு வாங்குகிறது. இதில் வேர்வையை மட்டும் நான் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்வேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அழுத்தத்தோடு நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தால் அதைச் சாதாரண வாயுவாக எண்ணி உட்கார்ந்திருக்க முடியாது.

வலியே இல்லாமலும் வரும். பல வருஷம் சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பு மரத்திருக்கும். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி முன்னால் நிற்காமல் மூச்சுத்திணறல், வேர்வை, என்றும் இல்லாத அசதி, வாந்தி என்று வரலாம். "பாட்டிக்கு ஒண்ணுமில்ல, தளர்ச்சியா இருக்குன்னு படுத்திருக்கு" என்ற பேச்சில் பாட்டிக்குச் சர்க்கரை உண்டா என்று உடனே கேட்க வேண்டும். இன்னொன்று, வலை இழுக்கும்போதோ மாடி ஏறும்போதோ நெஞ்சைப் பிடித்து, நின்றால் விட்டுப்போகிற வலி புதிதாக ஆரம்பித்திருந்தால், அது அடைப்பு வரப்போவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அது விட்டுப்போனதே என்று இருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டியது.

இப்போது ஒரு வீட்டைப் பார்ப்போம். ஒரே வீட்டில் நடந்ததல்ல. பல குடும்பங்கள் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். அவருக்கு 54 வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை, பீடி உண்டு. கடலுக்குக் கிளம்ப விடியற்காலை 4.30-க்கு எழுந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி வெந்நீரில் ஓமத்திரவம் கலந்து தருகிறார். ஐந்தேகாலுக்கு வாந்தி. "எடுத்ததும் கொஞ்சம் தேவலை" என்கிறார், எல்லோருக்கும் நிம்மதி. ஆறரைக்கு மறுபடி அழுத்தம். மச்சான் வந்து பைக்கில் நடுவில் உட்காரவைத்து மெடிக்கல் கடைக்குக் கூட்டிப்போகிறார், கடை திறக்கவில்லை. ஏழரைக்குத் திறந்ததும் கேஸ் மாத்திரை. ஒன்பதரைக்கு முடியவே முடியாமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரி.

ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது? குழாய் முழுதாக அடைத்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் இதயத் தசை சாக ஆரம்பிக்கிறது. சாவு உட்புறச் சுவரில் தொடங்கி வெளிப்புறமாக நகர்கிறது. மூன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் அந்தக் குழாயை நம்பியிருந்த தசையில் பெரும்பகுதி போய்விடும். செத்த தசை திரும்ப வளராது. இந்த மனிதர் பிழைக்கலாம். ஆனால் வலையை இழுத்தால் மூச்சு வாங்குகிற ஆளாகப் பிழைப்பார். அடைப்பை ஊசி மருந்தால் கரைப்பதும் பலூன் வைத்துத் திறப்பதும் 12 மணி நேரம் வரை பயன் தருபவைதான். அந்த 12 மணி நேரத்தைச் சிலர் அவகாசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைப்பதில்லை.

இவர் மட்டும் இப்படியல்ல. இந்தியாவின் 50 நகரங்களில் 20,937 நோயாளிகளைப் பதிவு செய்த கிரியேட் ஆய்வு 2008-ல் லான்செட் இதழில் வந்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி சேர நடுமதிப்பாக 360 நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போனபின் ஊசி போட ஆன நேரம் 50 நிமிடம். நேரம் எங்கே போகிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதே வீடு, அதே 4.30. இந்த முறை என்ன செய்ய வேண்டும்?

எழுந்தவரை நடக்க விடாதீர்கள். தரையில் சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி உட்காரவையுங்கள். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன், முகம் கழுவிக்கொள்கிறேன் என்பார், வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். வேர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் உடனே. வெறும் அழுத்தம் மட்டுமென்றால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால். போனில் கதை வேண்டாம்: "நெஞ்சு அழுத்தம், வேர்வை, வயது 54, சர்க்கரை இருக்கு, வைத்திக்குப்பம்" என்று சொல்லி அடையாளம் ஒன்றைச் சொன்னால் போதும். நம் குப்பத்துச் சந்துகளில் வண்டி நுழையாது. அதனால் ஒரு பையன் மெயின் ரோட்டில் போய்க் கையைக் காட்ட நிற்க வேண்டும்.

அடுத்தது ஆஸ்பிரின். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டி பெரிதாவதை அது தடுக்கிறது. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேரிடம் சோதித்தார்கள். ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் முதல் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய்ச் சாவுகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தன. அளவு 300 மில்லிகிராம்: அட்டையில் 150 என்றிருந்தால் இரண்டு, 75 என்றிருந்தால் நான்கு. மென்று விழுங்க வேண்டும். அப்படியே முழுங்கினால் வேலை செய்ய ஆகும் நேரம் கூடுகிறது. வயிற்றைக் காக்கும் பூச்சு போட்ட மாத்திரையென்றால் இன்னும் தாமதம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், அது போட்டால் ஆஸ்துமா வருபவர், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிபவர், கறுத்த மலம் போகிறவர் ஆகியோருக்குக் கொடுக்கக் கூடாது. வாய் கோணி, கை கால் இழுத்துக்கொண்டாலும் கொடுக்கக் கூடாது. அது மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவரென்றால் 108-ல் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவசரத்தில் தலைவலி மாத்திரை என்று பாராசிட்டமாலைத் தருகிறார்கள், அதனால் பயனில்லை. அட்டையில் பெயரைப் படியுங்கள்.

நாம் எல்லை தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குப் பணியாளர்களே 14 மாத்திரைகளை ஒன்றாகத் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் வாங்கி வீட்டில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது பார்த்துக் கொடுக்கிறவர் கையில் இருக்க வேண்டியது. வீட்டுக்கு ஆஸ்பிரின் போதும்.

நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுடையது, கொடுத்துப் பார்த்தோம் என்பார்கள். அடிச்சுவர் அடைப்பில் சிலருக்கு ரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும். அதை இந்த மாத்திரை இன்னும் இறக்கி ஆளை மயக்கத்தில் தள்ளிவிடும். ஆண்மைக்குறைவு மாத்திரை போட்டவருக்கு அது பெரும் ஆபத்து. டாக்டர் அவருக்கென்றே எழுதித் தந்திருந்தால் ஒழிய வேண்டாம். பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் வேண்டாத வேலைதான். அடைத்த குழாயை இருமல் திறக்காது.

பைக்கில் கொண்டுபோகாதீர்கள். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில் சாவுக்குப் பெரிய காரணம் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவது. அது ஆம்புலன்ஸில் நேர்ந்தால் ஷாக் கொடுத்து மீட்க வாய்ப்புண்டு. இருவர் நடுவே பைக்கில் நேர்ந்தால் சாய்ந்த பிறகுதான் தெரியும். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று 108-லேயே சொன்னால் கார், ஆட்டோ எது கிடைக்கிறதோ அதில் போகலாம், கூட ஒருவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு.

வீட்டிலேயே சாய்ந்துவிட்டால்? தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பதிலில்லை, மூச்சில்லை அல்லது எப்போதாவது கேவுகிறார் என்றால் சோடா தெளிக்க வேண்டாம், சாவியைக் கையில் திணிக்க வேண்டாம். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் கையை முழுதாகத் தளர்த்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். விலா எலும்பு உடையும் என்று பயப்படுவார்கள், உடையலாம். உடைந்தது ஆறிவிடும்.

எங்கே போவது? நகரத்துக் குப்பத்திலிருந்து கோரிமேட்டு ஜிப்மர் சில கிலோமீட்டர்தான். அடைப்பைத் திறக்கும் கேத் லேப் அங்கே இருக்கிறது. ஆனால் சனி, ஞாயிறு சாயங்காலம் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் நகரம் இது. வழியை 108 ஓட்டுநரிடம் விடுங்கள். பாகூர், திருக்கனூர் பக்கத்து கிராமங்களுக்குக் கணக்கு வேறு. ஈசிஜி எடுத்து உடனே மருந்து தொடங்கக்கூடிய பக்கத்து சுகாதார நிலையம் எது, ராத்திரியில் அங்கே டாக்டர் உண்டா என்று ஆள் நன்றாக இருக்கும்போதே கேட்டுவைக்க வேண்டும். போன இடத்தில் வரிசையில் நிற்காதீர்கள். "நெஞ்சுவலி" என்று சொன்னால் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். முதல் ஈசிஜி சரி என்று அனுப்பினாலும் வலி நிற்கவில்லையென்றால் அங்கேயே இருங்கள், திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி படுப்பதற்குள் மூன்று காரியம் செய்யுங்கள்: ஆஸ்பிரின் அட்டை வீட்டில் எங்கே என்று எல்லோருக்கும் காட்டுங்கள், அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள், பழைய ஈசிஜியும் மருந்துச் சீட்டும் ஒரே பையில் வாசல் பக்கம் தொங்கட்டும்.