செயலிச் சந்தா: தொடங்கிய இடத்திலேயே நிறுத்த வேண்டும்

கைத்தொலைபேசிச் செயலி ஒன்றுக்கு இரு வழிகளில் சந்தா செலுத்தலாம். ஒன்று, ஆப்பிளின் ஆப் ஸ்டோர் அல்லது கூகுள் பிளே ஆகிய செயலி அங்காடிகள் ஊடாகச் செலுத்துவது. மற்றையது, சேவையை வழங்கும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் நேரடியாகச் செலுத்துவது. இரண்டிலும் கிடைக்கும் சேவை ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதனைக் குடும்பத்தினருடன் பகிரும் முறையும், கட்டணம் தவறும்போது நிகழ்வதும், நிறுத்தும் இடமும் வேறுபடுகின்றன.

குடும்பத்தினருடன் பகிர்தல்

ஆப்பிளின் குடும்பப் பகிர்வில், குழுவை அமைப்பவர் உட்பட ஆறு பேர் வரை இணையலாம். எனினும் எல்லாச் சந்தாக்களையும் பகிர இயலாது. செயலியை உருவாக்கிய நிறுவனம் அதற்கு இடமளித்திருக்க வேண்டும். கூகுளின் குடும்பக் குழுவில், விலைகொடுத்து வாங்கிய பல செயலிகளைப் பகிரலாம். செயலிக்குள் செலுத்தும் சந்தாக்கள் பொதுவாக அவ்வாறு பகிரப்படுவதில்லை.

இணையத்தளச் சந்தாவில் விதியை வகுப்பது அந்நிறுவனமே. அதனிடம் குடும்பத் திட்டம் இருந்தால், உறுப்பினர்கள் தத்தம் மின்னஞ்சல் முகவரியால் உள்நுழைந்து எந்த வகைத் தொலைபேசியிலும் பயன்படுத்தலாம். ஆகவே ஐபோனும் ஆண்ட்ராய்டும் கலந்து பாவிக்கும் குடும்பத்துக்கு இவ்வழியே பெரும்பாலும் பொருந்தும்.

கட்டணம் தவறும்போது

வங்கி அட்டை காலாவதியானால் சந்தா அன்றே முடிந்துவிடுவதில்லை. ஆப் ஸ்டோரில், செயலி நிறுவனம் 3, 16 அல்லது 28 நாள் சலுகைக் காலம் வழங்கலாம், வழங்காமலும் விடலாம். சலுகைக் காலத்தில் சேவை தொடரும். அது முடிந்து சேவை நின்ற பின்னரும், கட்டணத்தை அறவிட ஆப்பிள் மீண்டும் மீண்டும் முயலும். இம்முயற்சி 60 நாட்கள் வரை நீடிக்கலாம். கூகுள் பிளேயிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. இணையத்தளச் சந்தாவில் எத்தனை நாள் அவகாசம் என்பதை அந்தந்த நிறுவனமே முடிவுசெய்யும். சிலவற்றில் அவகாசமே இராது.

ஓர் எடுத்துக்காட்டு: பிள்ளையின் கல்விச் செயலி ஒன்றுக்குத் தாய் தமது ஐபோனில் மாதம் 15 டொலர் செலுத்துகிறார். ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி சந்தா புதுப்பிக்கப்படும். இம்மாதம் அவரது அட்டை காலாவதியாகிவிட்டது. செயலிக்கு 16 நாள் சலுகைக் காலம் உண்டு. அவர் 12ஆம் திகதி புதிய அட்டையைப் பதிந்தால் சேவை தடைப்படாது. அடுத்த கட்டணமும் வழக்கம்போல 5ஆம் திகதியே வரும்.

அவர் அதைக் கவனிக்கவில்லை என்று கொள்வோம். 21ஆம் திகதி செயலி நின்றுவிடுகிறது. சந்தா முடிந்ததென எண்ணிய தந்தை, 25ஆம் திகதி இணையத்தளத்தில் புதிதாக 15 டொலர் செலுத்துகிறார். 28ஆம் திகதி தாய் வேறொரு தேவைக்காக ஆப்பிள் கணக்கில் புதிய அட்டையைப் பதிகிறார். நிலுவையிலிருந்த கட்டணம் அதிலிருந்து அறவிடப்பட்டு, பழைய சந்தா மீண்டும் உயிர்பெறுகிறது. இனி அது ஒவ்வொரு மாதமும் 28ஆம் திகதி புதுப்பிக்கப்படும். ஒரே செயலிக்கு மாதம் 30 டொலர் செலவாகும். புதிதாகச் சந்தா சேரும் முன் பழையதை நிறுத்தியிருந்தால் இது நேர்ந்திராது.

பல தொலைபேசிகளில் நிர்வகித்தல்

சந்தா இணைக்கப்பட்டிருப்பது தொலைபேசியுடன் அன்று, கணக்குடனாகும். செயலியை அழிப்பதாலோ தொலைபேசியை மாற்றுவதாலோ கட்டணம் நிற்காது. ஐபோனைக் கைவிட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறுவோர், பழைய தொலைபேசி கையில் இருக்கும்போதே தேவையற்ற சந்தாக்களை நிறுத்துவது எளிது. குடும்பப் பகிர்வில் பிறரது கொள்வனவுகளுக்கும் குழு அமைப்பாளரின் அட்டையிலிருந்தே பணம் அறவிடப்படலாம். ஆயினும் ஒவ்வொருவரும் தொடங்கிய சந்தா அவரவர் கணக்கிலேயே தெரியும், அங்கேயே அதை நிறுத்தவும் வேண்டும்.

எவ்வழியில் பணம் செல்கிறது என்பதை வங்கிக் கூற்றில் அறியலாம். APPLE.COM/BILL என்றிருந்தால் ஆப்பிள் ஊடாகவும், GOOGLE எனத் தொடங்கினால் கூகுள் ஊடாகவும் செல்கிறது. நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் இணையத்தளச் சந்தா.

- ஐபோனில்: Settings, மேலேயுள்ள பெயர், Subscriptions.
- ஆண்ட்ராய்டில்: Play Store, சுயவிவரப் படம், Payments & subscriptions, Subscriptions.
- இணையத்தளச் சந்தா: அத்தளத்தில் உள்நுழைந்து, கணக்குப் பக்கத்தில்.

புதுப்பிக்கும் நேரத்துக்குக் குறைந்தது 24 மணித்தியாலங்களுக்கு முன் நிறுத்துவது பாதுகாப்பானது. பொதுவாக, நிறுத்திய பின்னரும் பணம் செலுத்திய காலம் முடியும்வரை சேவையைப் பயன்படுத்தலாம். அங்காடி ஊடாகத் தொடங்கிய சந்தாவைச் செயலி நிறுவனத்துக்குத் தொலைபேசி அழைப்பு எடுத்து நிறுத்த முயல்வதில் பெரும்பாலும் பயனில்லை. அந்நிறுவனம் அங்காடிக்கே திருப்பி அனுப்பும்.