இலவசம் முடிகிற நாளில் வரும் கடிதம்

குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் செயலி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், கடிதம் ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னார். ஏழு நாள் இலவசம் முடியப்போகும் பெற்றோருக்கு அனுப்புவது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

“அன்பு வாடிக்கையாளரே, எங்கள் பிரீமியம் சேவையை மகிழ்வுடன் பயன்படுத்தி வருவீர்கள் என நம்புகிறோம். தங்களது இலவசக் காலம் விரைவில் நிறைவடைகிறது. தொடர்ந்து பயன்பெற நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. உரிய கட்டணம் பதிவு செய்த முறையில் வசூலிக்கப்படும். விவரங்களுக்கு விதிமுறைகளைக் காண்க.”

அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். “எப்ப எடுப்பான், எவ்வளவு எடுப்பான்னு எங்கயுமே போடலையேடா?” என்றாள். நிறுத்துவது எப்படி என்று கேட்டதற்கு, “ஆப்பைத் தூக்கிட்டா போச்சு” என்றாள். பலரும் ஏமாறுவது அங்கேதான். போனிலிருந்து செயலியை நீக்கினாலும் சந்தா ரத்தாகாது. இலவசத்தில் சேரும்போது ஒரு ரூபாய் எடுத்தார்களே, அப்போதே யுபிஐ ஆட்டோபேக்கு நாம் சம்மதம் கொடுத்துவிட்டோம். செயலி போனாலும் அந்தச் சம்மதம் உயிரோடு இருக்கும்.

முதலில் ‘விரைவில்’ என்ற சொல்லை எடுத்தேன். ‘ஜூன் 14 நள்ளிரவு’ என்று போடலாம் என்றார் நண்பர். அது 13 முடிகிற இரவா, 14 முடிகிற இரவா? படிப்பவர் தமக்குச் சாதகமான இரவைத்தான் எடுத்துக்கொள்வார். அந்தப் பயனர் சேர்ந்தது ஜூன் 7 காலை 10.20-க்கு. எனவே முடிவது ஜூன் 14 காலை 10.20. ஆனால் அதுவரை ரத்து செய்யலாமா? நிரல் எழுதுபவர்களைக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது: பணம் பிடிக்கும் கட்டளை முந்தைய நாள் இரவே போய்விடுகிறதாம். ஆகவே கடிதத்துக்கு இரண்டு நேரங்கள் தேவை. பணம் போகும் நேரம் ஒன்று, ரத்து செய்யக் கடைசி நேரம் மற்றொன்று.

அடுத்தது தொகை. விளம்பரத்தில் ‘மாதம் 125 ரூபாய்தான்’. பிடிப்பதோ ஆண்டுச் சந்தா 1,499, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 269.82. வங்கியிலிருந்து ஒரே மூச்சில் போவது 1,768 ரூபாய் 82 காசு. 125 என்று படித்தவர் மனதில் 1,768 எப்படி நிற்கும்? பிடிபடும் முழுத்தொகை தலைப்பிலேயே வர வேண்டும் என்றேன். “தலைப்பிலேயே போட்டா பாதிப்பேர் ரத்து பண்ணிருவாங்களே” என்றார். பணம் போன பிறகு வாடிக்கையாளர் சேவையில் திட்டப்போகிறவர்களும் அவர்கள்தானே என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார்.

திருத்திய கடிதம்:

“தலைப்பு: ஜூன் 14 அன்று ரூ.1,768.82 பிடிக்கப்படும்

உங்கள் இலவசக் காலம் ஜூன் 14 காலை 10.20-க்கு முடிகிறது. அப்போது ஓராண்டுச் சந்தா ரூ.1,499, ஜி.எஸ்.டி. ரூ.269.82 சேர்த்து ரூ.1,768.82 உங்கள் யுபிஐ ஆட்டோபே வழியாகப் பிடிக்கப்படும். வங்கிச் செய்தியில் எங்கள் தாய் நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

வேண்டாம் என்றால் ஜூன் 13 மாலை 6 மணிக்குள் ரத்து செய்யுங்கள்: செயலியில் ‘என் கணக்கு’, பிறகு ‘சந்தா’, பிறகு ‘ரத்து செய்’. ‘ரத்து ஆனது’ என்ற செய்தி வந்தால்தான் முடிந்தது. செயலியை நீக்கினால் மட்டும் போதாது. ரத்து செய்தாலும் 14-ஆம் தேதி காலை வரை பாடங்களைப் பார்க்கலாம்.”

அந்தக் கடைசி வரி முக்கியம். ரத்து செய்தால் அப்போதே கதவடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு மறந்துவிடுகிறார்கள். தாய் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவும் காரணம் உண்டு. வங்கிச் செய்தியில் தெரியாத பெயர் வந்தால் யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறுவார்கள்.

இந்தக் கடிதம் மூன்று நாள் முன்பே போக வேண்டும் என்றேன். தானாகப் பணம் பிடிப்பதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பு முன்னறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் அந்தச் செய்தி வரும்போது பயனருக்கு எஞ்சியிருப்பது ஒரு நாள்தான், இந்தச் செயலியில் அதைவிடவும் குறைவு. சேர்வது சுலபமாகவும் வெளியேறுவது கடினமாகவும் இருக்கும் ‘சந்தா பொறி’யை 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

உங்களுக்கு இப்படித் தெளிவான கடிதம் வராமலே போகலாம். இப்போதே உங்கள் யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு ரூபாய் கொடுத்துச் சேர்ந்தவை அங்கே வரிசையாக இருக்கும், அங்கிருந்தே நிறுத்தவும் முடியும். அதன் பிறகும் பணம் போனால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.