ஆடிட்டர் கடிதத்தைச் சுருக்கும்போது தொலைந்துபோகக் கூடாதவை

ஆண்டுத் தணிக்கை முடியும் தறுவாயில் ஆடிட்டரிடமிருந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் வரும். மேனேஜ்மென்ட் லெட்டர் என்பார்கள். பங்குதாரர்களுக்குப் போகும் தணிக்கை அறிக்கை வேறு, இது வேறு. கணக்கைச் சோதிக்கும்போது உள்கட்டுப்பாட்டில் தென்பட்ட ஓட்டைகள் இதில் இருக்கும். முக்கியமான குறைபாடுகளை எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 265 என்ற தணிக்கைத் தரநிலை.

பல பக்கக் கடிதத்தை நிதிப் பிரிவில் எல்லோரும் படிக்கப்போவதில்லை. யாராவது ஒருவர் சுருக்கி, குறைபாடு, பரிந்துரை, முடிக்கும் தேதி என்று ஒரு தாளில் போட்டுக் கொடுப்பார். பிறகு எல்லோரும் வேலை செய்வது அந்தத் தாளை வைத்துத்தான். அதில் விடுபட்டது கம்பெனியின் பார்வையிலிருந்தே விடுபட்டுவிடும்.

ஓர் உதாரணம். ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிய பதிவுகளில் 25-ஐ எடுத்துப் பார்த்தோம். 9-இல் சப்ளையரிடம் கேட்டு உறுதிசெய்ததற்கு ஆதாரம் இல்லை. எண்ணை மாற்றுபவரே பேமென்ட் ஃபைலையும் தயாரிக்கிறார். பழைய கோப்பிலுள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதிசெய்யவும், இரு பணிகளையும் பிரிக்கவும் பரிந்துரைக்கிறோம்.” கீழே நிர்வாகத்தின் பதில்: “கவனத்தில் கொண்டோம். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.”

அவசரத்தில் சுருக்குபவர், “சப்ளையர் விவரங்களைச் சீராக்குதல் – விரைவில்” என்று எழுதிவிடுவார். இதைப் படிக்கும் கணக்காளருக்கு ஏதோ முகவரி திருத்தும் வேலை என்றுதான் தோன்றும். போலி மின்னஞ்சல் ஒன்று வந்தால் போதும், சப்ளையருக்குப் போக வேண்டிய பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடும் என்ற அபாயம் அந்த வரியில் இல்லவே இல்லை.

அந்தப் பத்தியில் இருப்பவை இரண்டு குறைபாடுகள்: உறுதிசெய்யாமல் மாற்றுவது ஒன்று, ஒரே கையில் இரண்டு பொறுப்புகள் இருப்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே தேதி பொருந்தாது. தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்வதை நாளைக்கே தொடங்கலாம். ஆனால் மாற்றம் கேட்டு வந்த கடிதத்திலுள்ள எண்ணை அழைப்பதில் பயனில்லை, ஏமாற்றுபவர் தன் எண்ணைத்தான் அதில் கொடுத்திருப்பார். “பழைய கோப்பிலுள்ள எண்” என்ற சொற்கள் அதனால்தான் சுருக்கத்திலும் அப்படியே இருக்க வேண்டும். மென்பொருளில் உரிமைகளைப் பிரிப்பதற்கோ சில வாரங்கள் ஆகும். அதுவரை, அந்த வாரம் நடந்த மாற்றங்களின் பட்டியலை மேலாளர் பார்த்துக் கையெழுத்திடுவது என்ற இடைக்கால ஏற்பாட்டையும் அந்த வரியிலேயே குறிக்கலாம்.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. ஆதாரமில்லாத அந்த 9 மாற்றங்களை இப்போது சரிபார்ப்பது யார்? ஆடிட்டர் பரிந்துரைக்கவில்லை என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது. அவர் பார்த்தது மாதிரிக்கு 25 மட்டுமே, எனவே ஆண்டு முழுவதும் நடந்த மற்ற மாற்றங்களையும் பார்க்க வேண்டும். ஆனால் இதை ஆடிட்டரின் பரிந்துரையோடு கலக்காமல், “நமது கூடுதல் நடவடிக்கை” என்று பிரித்து எழுதுவதே நேர்மை. அண்மையில் பணம் தவறான கணக்குக்குப் போனது தெரிந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். ஊழியரின் மோசடி என்று நம்பக் காரணம் இருந்து, தொகை 1 கோடி ரூபாயோ அதற்கு மேலோ என்றால், கம்பெனிகள் சட்டம் 2013-இன் 143(12) பிரிவின்படி ஆடிட்டர் அதை மத்திய அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

“உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்பதற்குச் சுருக்குபவர் தானாக ஒரு தேதி போடக் கூடாது. அது ஒப்புக்கொண்ட தேதி ஆகாது. பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வரும்வரை அந்தக் கட்டத்தில் “தேதி ஒப்புக்கொள்ளப்படவில்லை” என்றே இருக்கட்டும். தேதி தள்ளிப்போனால் பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்தில் எழுத வேண்டும். வேலை முடிந்தது என்று பொறுப்பாளர் வாயால் சொன்னால் போதாது. அதன்பின் நடந்த சில மாற்றங்களின் ஆதாரத்தைப் பார்த்த பிறகே வரியை முடிக்கலாம்.

நிர்வாகத்துக்கும் உரிமை உண்டு. கடிதத்தின் வரைவைக் கேட்டு வாங்கலாம், தகவல் பிழை இருந்தால் ஆதாரத்தோடு திருத்தச் சொல்லலாம். ஒரு பரிந்துரையை ஏற்காமலும் இருக்கலாம். அப்போது காரணத்தைச் சுருக்கத்திலும் எழுத வேண்டும், வரியையே எடுத்துவிடக் கூடாது. “முக்கியக் குறைபாடு” என்று ஆடிட்டர் எழுதியதை “சிறு திருத்தம்” என்று மென்மையாக்கவும் சுருக்குபவருக்கு அதிகாரம் இல்லை.

இந்த ஆண்டுக் கடிதத்தைச் சுருக்க உட்காரும்போது போன ஆண்டுக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்த குறைபாடு இருந்தால் முதல் வரியாக அதைப் போடுங்கள். சொல்லியும் தக்க காரணமின்றித் திருத்தாமல் விட்டால், அப்படி விட்டதே ஒரு முக்கியக் குறைபாடாகலாம் என்கிறது எஸ்.ஏ. 265.