அரிசி எங்கே போயிற்று?

கடையின் பில்லிங் மென்பொருளிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்தால், சரக்குப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் இப்படித் தெரியலாம்:

```
à®…à®°à®¿à®šà®¿
```

இது ‘அரிசி’தான். கோப்பில் எதுவும் கெடவில்லை; படித்த விதம்தான் தவறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகப் பதிவாகிறது. அ, ர, ி, ச, ி என ஐந்து குறியீடுகளுக்கு மொத்தம் 15 பைட்டுகள். எக்செலோ கோப்பை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டு, பைட்டுக்கு ஓர் எழுத்தாகக் காட்டிவிடுகிறது. தமிழின் முதல் இரண்டு பைட்டுகள் பெரும்பாலும் E0 AE. அதனால்தான் à® திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல அடையாளம் அது!

அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். புதிய தாளில் `Data` பகுதியின் `From Text/CSV` வழியாக அதே கோப்பைத் தேர்ந்து, `File Origin` என்பதில் `65001: Unicode (UTF-8)` கொடுத்தால் முன்னோட்டத்திலேயே அரிசி வந்துவிடும்.

மூலக் கோப்பை நோட்பேடில் திறந்தாலும் வெறும் கேள்விக்குறிகளே தெரிந்தால் நிலைமை வேறு. முன்பே யாரோ தமிழ் தாங்காத வடிவில் சேமித்திருக்கிறார்கள், எழுத்துகள் அழிந்துவிட்டன. மென்பொருளிலிருந்து மறுபடி இறக்குவதுதான் வழி.