இடது பத்தியில் காணாமல் போகும் 17 மாதங்கள்

ஜூலை 15 நெருங்குகிறது. ஜெர்மனியின் பல பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவத்துக்கு விண்ணப்பிக்க அதுதான் கடைசி நாள். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்கும் முன்பே கதவை மூடிவிடும் இடங்களும் உண்டு. ஏ.பி.எஸ். சான்றிதழ், முடக்கக் கணக்கு, விசா நேர்காணல் பற்றியெல்லாம் போதுமான அளவுக்கு எழுதியாகிவிட்டது. இப்போது வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே தாளைப் பற்றியவை. ஜெர்மானியர்கள் கேட்கும் அட்டவணை வடிவ பயோடேட்டாதான் அந்தத் தாள். மாணவர்களும் கேட்கிறார்கள், செவிலியர்களும் கேட்கிறார்கள். இரு தரப்புக்கும் சிக்கல் ஒன்றுதான்: சம்பளமோ சான்றிதழோ இல்லாமல் போன மாதங்களை என்ன செய்வது?

தாளின் அமைப்பு எளிது. இடது பத்தியில் மாதமும் ஆண்டும், வலது பத்தியில் அந்த மாதங்களில் செய்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் பல இருக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சு பாணி பயோடேட்டா பலருக்குப் பழக்கமானது. அதில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் எழுதுபவர் கையில் இருக்கிறது. ஜெர்மன் அட்டவணையில் அந்த உரிமை இல்லை. 03/2016-இல் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி 04/2016-இல் தொடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். கீழே ஊர், தேதி, கையெழுத்து. அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு அது தன்னைப் பற்றிய விளம்பரமாக இருப்பதில்லை, வாக்குமூலமாகிவிடுகிறது.

தெளிவுக்காகத்தான் இந்த ஒழுங்கு என்று விளக்கம் சொல்வார்கள். பாதிதான் உண்மை. வெளிநாட்டுத் தொழில் தகுதிகளை அங்கீகரிக்கும் ஜெர்மன் சட்டத்தின் 5ஆம் பிரிவு கேட்பது, முடித்த படிப்புகளையும் பார்த்த வேலைகளையும் ஜெர்மன் மொழியில் அட்டவணையாக எழுதிய பட்டியலை மட்டுமே. படிப்பு, வேலை, அவ்வளவுதான். இடைவெளி இருக்கக் கூடாது என்று அந்த வாசகத்தில் இல்லை. அதைச் சேர்ப்பவை மாநில அலுவலகங்களின் ஆவணப் பட்டியல்களும் முதலாளிகளின் வழக்கமும்தான். ஆக, சட்டம் உழைப்பின் பட்டியலைக் கேட்கிறது. அலுவலகம் ஆயுளின் பட்டியலைக் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்பவர்கள், பெரும்பாலும், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேலையை விட்ட பெண்கள்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முத்தியால்பேட்டையைச் சேர்ந்த ஒரு செவிலியர். 06/2014 முதல் 03/2016 வரை பிளஸ் 2. 09/2016 முதல் 08/2020 வரை பி.எஸ்சி. நர்சிங். 02/2021 முதல் 05/2022 வரை தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அதன்பின் பக்கவாதம் வந்த மாமியாரை வீட்டோடு இருந்து கவனித்தார், 10/2023 வரை. 11/2023 முதல் 06/2024 வரை கணவரின் மருந்துக் கடையில் சம்பளமில்லாமல் உதவினார். 07/2024 முதல் ஜெர்மன் வகுப்பு. இதை அவர் ஆண்டுகளை மட்டும் போட்டு எழுதினால் வேலை 2021–2022, ஜெர்மன் 2024 முதல் என்று வரும். பார்ப்பவருக்கு நடுவில் ஓராண்டுதான் குறைகிறது. ஆனால் உடன் இணைத்த அனுபவச் சான்றிதழில் 31.05.2022 என்று விடுவிப்புத் தேதி இருக்கிறது. மொழி வகுப்பின் ரசீதில் 2024 ஜூலை என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எழுத்தர் 25 மாதங்களைக் காண்கிறார். அதில் 17 மாதம் மாமியாருக்கு, 8 மாதம் கடைக்கு. மறைக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. ஆனால் ஆண்டை மட்டும் போட்டதால் மறைத்ததுபோல் ஆகிவிட்டது. ஆண்டு மட்டும் போட்ட பயோடேட்டா ஜெர்மனியில் சந்தேகத்தைக் கிளப்புவது இதனால்தான்: 2021–2022 என்பது இரண்டு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருடமாகவும் இருக்கலாம்.

அவர் எழுத வேண்டியது நான்கு கூடுதல் வரிகள். 04/2016 – 08/2016: கல்லூரிச் சேர்க்கைக்குக் காத்திருப்பு. 09/2020 – 01/2021: செவிலியர் பதிவு, வேலை தேடல். 06/2022 – 10/2023: குடும்ப உறுப்பினரை வீட்டில் பராமரித்தல், முழு நேரம். 11/2023 – 06/2024: குடும்பக் கடையில் ஊதியமில்லாத உதவி, வாரத்துக்கு இத்தனை மணி நேரம். கடைசி வரியில் மணி நேரத்தைப் போடுவது முக்கியம். ஜெர்மனியின் புள்ளிவிவரங்களிலேயே குடும்பத் தொழிலில் சம்பளமின்றி உதவும் உறவினர் என்று ஒரு தனி வகை உண்டு. அதனால் அந்த வரி அங்குள்ளவர்களுக்குப் புதிராக இருக்காது. பராமரிப்பு வரியும் அப்படித்தான். 1995 முதல் நடைமுறையில் இருக்கும் பராமரிப்புக் காப்பீட்டின் கீழ், உறவினரை வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்களில் மொத்தம் 10 மணி நேரமாவது வீட்டில் கவனிப்பவருக்கு, உரிய நிபந்தனைகள் பொருந்தினால், அந்தக் காப்பீடே ஓய்வூதியச் சந்தா கட்டுகிறது. தன் நாட்டு மருமகளின் 17 மாதத்துக்கு ஓய்வூதியம் எண்ணும் நாடு, நம் ஊர் மருமகளின் 17 மாதத்தை வெற்றிடம் என்று சொல்வதற்கில்லை. எழுதினால்தான் சொல்ல முடியாது, அதுதான் விஷயம்.

இதற்கு எல்லையும் உண்டு. மாமியாரைப் பார்த்துக்கொண்ட காலத்தைத் தொழில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் வைக்கக் கூடாது. செவிலியர் படிப்பு ஒப்பீட்டில் குறை தெரிந்தால், அதை ஈடுகட்ட உரிய வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். வீட்டுப் பராமரிப்பு அந்தக் கணக்கில் ஏறாது. ஏற்ற முயன்றால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் உண்மையான 16 மாத மருத்துவமனை அனுபவமும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். காலவரிசையில் அது இருக்க வேண்டும், வேறு தலைப்பின் கீழ். அதேபோல, குழந்தை வளர்ப்புக்காக வீட்டில் இருந்தவர்கள் ‘பெற்றோர் விடுப்பு’ என்று எழுதுவதும் தவறு. ஜெர்மனியில் அது வேலையில் இருப்பவர் முதலாளியிடம் எடுக்கும் சட்டபூர்வ விடுப்பு. வேலையை விட்டுவிட்டு வளர்த்தவர் குழந்தை வளர்ப்பு என்று எழுதினால் போதும்.

எதிர்வாதம் தெரிந்ததுதான். “நாமே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? அந்த 25 மாதத்தையும் ஏதாவது ஒரு நர்சிங் ஹோம் பெயரில் போட்டுவிட்டால் முடிந்தது” என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. ஒழுக்கப் பேச்சை ஒதுக்கிவிட்டு லாப நட்டமாகவே பார்க்கலாம். அந்த ஒரு பொய்க்கு ஒரு நியமன ஆணை, ஒரு சம்பளச் சீட்டு, ஒரு விடுவிப்புக் கடிதம், தொலைபேசியில் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நேர்காணலில் அந்த வார்டில் எத்தனை படுக்கை என்று கேட்டால் பதில் வேண்டும். இன்னொரு பக்கம், விசாவுக்காகத் தவறான தகவல் தருவது ஜெர்மன் வதிவிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். விலை இவ்வளவு. கிடைப்பதோ, சரியான ஒரு வரியால் சும்மாவே அடைபடும் இடைவெளி. 2024 அக்டோபரில் ஜெர்மனி இந்தியர்களுக்கான திறன் விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தபோது, வடிகட்டலும் தளர்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை அரசு அறிவிப்பு. இந்த அட்டவணையைப் பார்ப்பவரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். அறிவிப்பு அவருடைய மேசைக்கு வந்து சேராது.

நோயால் வீட்டில் இருந்தவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. உடல்நலக் காரணம், இப்போது சரியாகிவிட்டது என்ற அளவோடு நிறுத்தலாம். மாதங்கள் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

பள்ளி ஆண்டுகளுக்கு வருவோம். ஜெர்மன் அலுவலகங்களின் கண்ணில் வெளிநாட்டுப் பள்ளி நம்முடையது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் மற்றவர்கள் பலருக்கு இல்லாத ஒரு குழப்பம் இருக்கிறது. யூனியன் பிரதேசத்துக்குச் சொந்தத் தேர்வு வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டு வாரியத்தையும், மாஹே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 முதல் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அதனால் ஒரே பள்ளியில் படித்த அக்காவுக்குச் சென்னை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சான்றிதழும் தம்பிக்கு சி.பி.எஸ்.இ. சான்றிதழும் இருக்கலாம். அக்காவின் தாளில் பள்ளி புதுச்சேரியில் இருக்கிறது, சான்றிதழோ தமிழ்நாடு என்கிறது. வேற்று நாட்டு எழுத்தருக்கு இது இரண்டு மாநிலம், அதாவது பள்ளி மாறியவர். மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கடிதம் வரும். ஒரே வரியில் இதைத் தடுக்கலாம்: பள்ளியின் பெயர், புதுச்சேரி, தேர்வு நடத்தியது தமிழ்நாட்டு வாரியம். வகுப்புகளையும் எண்ணிப் போட வேண்டும், 1 முதல் 10, பிறகு 11 முதல் 12. பன்னிரண்டு ஆண்டு என்ற எண்ணிக்கையைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். பிளஸ் 2-ஐ அவர்களுடைய ‘அபிட்டூர்’ என்று நாமாக மாற்றி எழுதக் கூடாது. எது எதற்குச் சமம் என்று முடிவு செய்வது அவர்களின் வேலை. தொடங்கும் மாதத்துக்கு ஜூன், முடியும் மாதத்துக்கு மதிப்பெண் பட்டியலில் இருக்கும் தேர்வு மாதம். மாற்றுச் சான்றிதழில் தேதி வேறாக இருந்தாலும் பரவாயில்லை, எதை எடுத்தாலும் எல்லா வரியிலும் அதையே எடுக்க வேண்டும்.

பிரெஞ்சு லிசேயில் படித்தவர்கள் பக்கலோரெயா என்றே எழுதலாம், அங்கே அதைத் தெரியாதவர் இல்லை.

எல்.கே.ஜி., யூ.கே.ஜி.? வேண்டாம்.

சாதாரண வேலை விண்ணப்பத்துக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தா? இல்லை, கடைசிப் பள்ளித் தேர்வு போதும். முழுப் பள்ளிக் கணக்கு அங்கீகார அலுவலகத்துக்கு மட்டும்.

புகைப்படம்? 2006-இன் சமவாய்ப்புச் சட்டத்துக்குப் பிறகு முதலாளி அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் பலர் ஒட்டுகிறார்கள்.

சம்பளமில்லாத பயிற்சி? பயிற்சி என்றே எழுதுங்கள், வேலை என்று எழுதாதீர்கள்.

ஒரு மாத இடைவெளி? விடலாம், இரண்டு மூன்று மாதத்தைத் தாண்டினால் ஒரு வரி வேண்டும்.

பிறந்த ஊர் பாண்டிச்சேரியா, புதுச்சேரியா? பெயர் மாறியது 2006 அக்டோபரில். பிறப்புச் சான்றிதழ் எப்படி இருந்தாலும், பயோடேட்டாவில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடுங்கள்.