வாய்ப்புண்ணோடு வரும் காய்ச்சல்: சோறு இறங்காவிட்டாலும் தண்ணீர் இறங்கணும்

2022 மே மாதம் கேரளத்தின் கொல்லம் பகுதியில் ‘தக்காளிக் காய்ச்சல்’ பரவுவதாகச் செய்தி வந்ததும், வாளையாறு எல்லையில் தமிழக மருத்துவக் குழு குழந்தைகளைப் பரிசோதித்தது. கேரளம் வந்துவிட்டு பிரிட்டன் திரும்பிய இரண்டு குழந்தைகளின் மாதிரிகளில் பிறகு காக்ஸாக்கி ஏ16 வைரஸ் இருப்பது தெரிந்தது. கை, கால், வாய் நோய்க்கான பழைய வைரஸ்தான் அது.

மலைக்கு இந்தப் பக்கம் வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதை அம்மை என்றோ, உடம்புச் சூடு என்றோ சொல்லிவிடுவது வழக்கம். முதலில் காய்ச்சல். ஓரிரு நாளில் நாக்கிலும் உள்கன்னத்திலும் புண். அதன்பின் உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டத்தில் சிவந்த கொப்புளம். பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் தானாக ஆறிவிடும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் உதவாது. ஆபத்து புண்ணில் இல்லை. வலிக்குப் பயந்து குழந்தை குடிப்பதை நிறுத்திவிடுவதில்தான் இருக்கிறது.

ஒன்றரை வயது, 10 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் நீராகாரம் வேண்டும். புட்டியை உறிஞ்சினால் புண் உரசி வலிக்கும். அதனால் கரண்டியே நல்லது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை 5 மில்லி கொடுத்தால், மணிக்கு 100 மில்லி உள்ளே போய்விடும்.

கொடுப்பதற்கு அரை மணி முன்பு பாரசிட்டமால் தந்தால் வலி குறைந்து விழுங்கும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் இந்தக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 3 மில்லி. 125 உள்ளதில் 6 மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறும் என்பதால் லேபிளைப் பார்த்தே ஊற்ற வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் தரவே கூடாது. மரத்துப்போகச் செய்யும் வாய் ஜெல்லை டாக்டர் சொல்லாமல் தடவக் கூடாது.

ஆறவைத்த நொய்க்கஞ்சி, குளிர்ந்த பால், புளிக்காத தயிரில் குழையப் பிசைந்த சோறு, இளநீர் எல்லாம் எரியாமல் இறங்கும். வாந்தியோ பேதியோ இருந்தால் இளநீர் போதாது, ஓ.ஆர்.எஸ். தர வேண்டும். எலுமிச்சைச் சாறு, ரசம், காராச்சேவு, முறுக்கு ஆகியவை சில நாள் வேண்டாம். மிளகாய் சேர்க்காத மணத்தக்காளிக் கீரை மசியல் சாப்பிடலாம். மருந்துக்குப் பதிலாக அல்ல.

எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் உள்வாங்கியிருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, எதைக் கொடுத்தாலும் வாந்தி: இதில் எது இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தூக்கத்தில் திடுக்திடுக்கென உதறல், நடை தள்ளாட்டம், வேக மூச்சு இருந்தால் 108-ஐ அழையுங்கள். மூன்று நாள் தாண்டியும் காய்ச்சல் நீடித்தாலும், ஈறு வீங்கி ரத்தம் கசிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியபின் உதடு, கண், தோலெல்லாம் புண்ணானால் அது மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு அப்போதே போக வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒன்று: இரண்டு வாரத்தில் ஆறாத புண், அதுவும் புகையிலை போடுகிறவர் வாயில், வலிக்காவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.